இரண்டாவது தட்டு

நான் தேர்ந்தெடுத்து வேலைக்கு வைத்த சமையல்காரர்களில் மிக மோசமாகப் போன ஒருவர், ட்ரையலில், அதாவது வேலை கொடுக்கும் முன் வைக்கும் சமையல் சோதனையில், மிக நன்றாகச் சமைத்தவர். அன்று அவர் வைத்த தட்டை இப்போதும் மறக்க முடியவில்லை. தோல் மொறுமொறுவென்று, சாஸ் பளபளவென்று, உப்பு இம்மி பிசகாமல். அடுத்த வாரமே வேலையில் சேர்த்துக்கொண்டேன். மூன்றாவது வாரம், கூட்டமான ஒரு இரவில், அதே உணவு ஒரே மேசைக்கு மூன்று தட்டுகளாகப் போனது. மூன்றும் மூன்று நிறம். ஒன்றில் சாஸ் தண்ணீராக ஓடியது, ஒன்றில் கசந்தது, ஒன்று மட்டும் ட்ரையல் தட்டைப் போல இருந்தது.

அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? ட்ரையலில் நான் கேட்டது ஒரே ஒரு தட்டு. ‘உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்’ என்றேன், நேரம் சொல்லவில்லை. அவர் தன் வாழ்நாளில் நூறு முறை செய்த ஒன்றை ஒன்றரை மணி நேரம் எடுத்துச் செய்தார். நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டினோம். சம்பளம் கொடுப்பதோ ஐம்பதாவது தட்டும் முதல் தட்டைப் போல வருவதற்கு. அதை நான் சோதிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ட்ரையலை நாலைந்து முறை மாற்றி எழுதினேன். இப்போது வைத்திருக்கும் வடிவத்தின் மையம் ஒன்றுதான்: ஒரே உணவை, இடைவெளி விட்டு, இரண்டு முறை கேட்பது. இதை அடுப்படியில் நின்று ஆர்டர் சமைக்கும் ஆளை எடுப்பதற்காக வைத்திருக்கிறேன். தலைமை செஃப் என்றால் கணக்கு வேறு. அவருடைய வேலையில் பாதி பிறரைச் சமைக்க வைப்பது. அவருக்கு இதே சோதனையை வைத்துவிட்டு ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என்ன சமைக்கச் சொல்வது

ஒரு முழுக் கோழி, 1.5 கிலோ. அதைப் பிரித்து, இரண்டு தொடைகளையும் தோலோடு எலும்பு நீக்கி எடுக்க வேண்டும். ஒரு தொடைக்கு ஒரு தட்டு. தொடையை வாணலியில் தோல்பக்கம் கீழே வைத்துப் பொரித்து, எடுத்து ஆறவிட்டு, அதே வாணலியில் ஒட்டியிருக்கும் காந்தலைச் சுரண்டி சாஸ் செய்ய வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயம் 40 கிராம், கோழி எலும்பைக் காய்ச்சி எடுத்த ஸ்டாக் 150 மில்லி, அது பாதியாக வற்றியதும் வெண்ணெய் 15 கிராம், கடைசியில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. மேலே வறுத்த பாதாம் தூவல். அவ்வளவுதான். ஸ்டாக்கை உப்பில்லாமல் நாங்களே காய்ச்சி வைத்துக் கொடுத்துவிடுவோம்.

இது யாரையும் அசத்துகிற உணவு இல்லை. ஆனால் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்காத உணவு. கத்தி பிடிக்கத் தெரியுமா என்பது கோழியைப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். தீயை அடக்கத் தெரியுமா என்பது தோலில் தெரியும். சாஸ் ஒவ்வொரு முறையும் அந்த வாணலியின் அடியிலிருந்து பிறப்பதால், ஒரே முறை செய்து வைத்துக்கொண்டு இரண்டு தட்டுக்கும் ஊற்ற முடியாது. இரண்டாவது முறை வாணலி கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்திருந்தால் காந்தல் கருகிவிடும், சாஸ் கசக்கும்.

அவர்களுக்குக் கொடுக்கும் செய்முறைக் குறிப்பட்டையில் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கும், உப்பைத் தவிர. ‘தேவையான அளவு’ என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஸ்டாக் வற்றுவதற்கு முன்பே ருசி பார்த்து உப்பைச் சரியாகப் போட்டுவிட்டால் அங்கேயே ஒரு பொறி இருக்கிறது. 150 மில்லிக்குச் சரியாக இருந்த உப்பு, அது 75 மில்லியாக வற்றும்போது இரண்டு மடங்கு கரிக்கும். 50-க்கு வற்றிவிட்டால் மூன்று மடங்கு. அனுபவசாலி கடைசியில்தான் உப்பிடுவார், சுத்தமான கரண்டியால் ருசி பார்ப்பார். இதை நான் கேள்வியாகக் கேட்டால் எல்லோரும் சரியான பதில் சொல்லிவிடுவார்கள். கை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

‘சொந்தக் கைவண்ணம் காட்ட ஒரு உணவு’ என்று முன்பு ஒன்று வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். ஒருவர் மீன் செய்வார், இன்னொருவர் இனிப்பு செய்வார். இரண்டையும் எந்தத் தராசில் வைத்து ஒப்பிடுவது? எனக்கு மீன் பிடிக்கும் என்பதால் மீன்காரர் ஜெயித்துவிடுவார்.

குறிப்பட்டையை முதல் நாளே அனுப்பிவிடுகிறோம். எங்கள் மூத்த சமையல்காரருக்கு இதில் உடன்பாடே இல்லை. “வீட்ல செஞ்சு பாத்துட்டு வந்துருவாங்க சார்” என்றார். வரட்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் குறிப்பைக் கொடுத்துப் பழகச் சொல்லித்தானே சமைக்க விடப்போகிறோம்? எழுத்தைப் படிக்கத் தடுமாறுகிறவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறோம். நாங்கள் சோதிப்பது படிப்பை அல்ல. கோழி சாப்பிடாதவர், ருசி பார்க்க முடியாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறோம். அதே படிகள் வருகிற வேறு பொருளில் சோதனை வைப்போம்.

நேரம்

முதலில் நேரத்தை என் நினைவிலிருந்து எழுதினேன். ‘இதெல்லாம் அரை மணி நேர வேலை’ என்று. வரிசையாக மூன்று பேர் முதல் தட்டை வைக்கவே தவறினார்கள். மூவரும் மட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எங்கள் ஆளையே அதே கோழி, அதே அடுப்போடு நிறுத்திப் பார்த்தோம். பல வருடமாக அந்த அடுப்பில் நிற்பவர். அவருக்கே முதல் தட்டுக்கு 34 நிமிடம் ஆனது. இரண்டாவது தட்டுக்கு, கேட்ட நேரத்திலிருந்து 15 நிமிடம்.

அதோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சேர்த்தேன். அறிமுகமில்லாத சமையலறையில் கரண்டி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே அவ்வளவு போய்விடும். ஆக முதல் தட்டுக்கு 45 நிமிடம், இரண்டாவதற்கு 20. இந்த எண்கள் எங்கள் அடுப்புக்கு மட்டும் பொருந்துபவை. வேறு சமையலறையில் அங்குள்ள ஆளை நிறுத்தித்தான் அளக்க வேண்டும்.

வந்தவுடன் கடிகாரத்தை ஓடவிடுவதில்லை. முதல் 15 நிமிடம் சுற்றிக் காட்டுவது: எந்த அடுப்பு வேகமாக எரியும், குப்பை எங்கே, கை எங்கே கழுவுவது. அதன் பிறகு அரை கிலோ வெங்காயத்தைக் கொடுத்து நறுக்கச் சொல்வோம். அதற்கு மதிப்பெண் கிடையாது, அதையும் அவரிடம் சொல்லிவிடுவோம். கை நடுக்கம் போவதற்காகத்தான். நல்ல சமையல்காரர்கள்கூட முதல் பத்து நிமிடம் புது இடத்தில் கத்தியைத் தடுமாறிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் மதிப்பெண் போட்டால் பதற்றத்துக்குத்தான் போடுகிறேன்.

கடிகாரம் ஓடத் தொடங்கி 45-ஆவது நிமிடம் முதல் தட்டு. 55-ஆவது நிமிடம் இரண்டாவது தட்டுக்குக் குரல் கொடுப்போம். கூடவே ஒரு வாக்கியம்: “இந்த மேசைக்கு பாதாம் அலர்ஜி.” இதை எல்லோருக்கும் அதே நிமிடத்தில், அதே சொற்களில், ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும். ஒருவருக்கு நிதானமாகவும் இன்னொருவருக்குக் கத்தியும் சொன்னால் அது இரண்டு வேறு சோதனை. இடையூறாக இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பாதாம் கடைசியில் தூவுவது மட்டும்தான், சாஸில் கலப்பதில்லை. அதனால் அதை விட்டாலும் இரண்டு சாஸையும் ஒப்பிட முடியும். முதலில் ‘வெண்ணெய் வேண்டாம்’ என்று வைத்திருந்தேன். சாஸே மாறிவிட்டது, எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் விழித்தோம்.

பாதாமைத் தூவாமல் விடுவது எளிது. பாதாம் தொட்ட கையைக் கழுவுகிறாரா, மேசையைத் துடைக்கிறாரா, வேறு கரண்டி எடுக்கிறாரா? அந்த அரை நிமிடம்தான் பார்க்க வேண்டியது.

75-இல் இரண்டாவது தட்டு. அதன் பிறகு பத்து நிமிடம் சுத்தம் செய்ய, மீதிக் கோழியை மூடித் தேதி எழுதிக் குளிரில் வைக்க. 85-ஆவது நிமிடம் முடிந்தது. இந்த நேரத்துக்குக் கூலி கொடுக்கிறோம்; ட்ரையலில் சமைத்ததை வாடிக்கையாளருக்கு விற்பதில்லை. ட்ரையல் என்று வரச்சொல்லி மூட்டை உருளைக்கிழங்கை உரிக்க வைத்து அனுப்பும் இடங்களை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு இடத்தில் நானே உரித்திருக்கிறேன், அப்புறம் கூப்பிடவே இல்லை.

மதிப்பெண்

முதலில் மதிப்பெண்ணில் சேராத ஒன்று. பச்சைக் கோழி பட்ட பலகையிலோ கத்தியிலோ அப்படியே சாப்பிடும் பொருளை வெட்டுவது, தொடையின் தடித்த பகுதியில் தெர்மாமீட்டர் 74 டிகிரி செல்சியஸ் காட்டுவதற்கு முன் தட்டில் வைப்பது, அலர்ஜி தட்டில் பாதாம் படுவது. இந்த மூன்றில் ஒன்று நடந்து, தட்டு அவர் கையைவிட்டு வெளியே வந்துவிட்டால் தேர்வு முடிந்தது. ருசி எவ்வளவு இருந்தாலும் ஈடு செய்ய முடியாது. ஆனால் தவறை அவரே கவனித்து, தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்தால் அது தவறில்லை. நேரம் போகும், அந்த இழப்பு போதும். சொல்லப்போனால் அப்படிச் செய்கிற ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவை நூற்றுக்கு. வேலை செய்யும் முறைக்கு 35, ருசிக்கு 30, இரண்டு தட்டும் ஒன்றுபோல இருப்பதற்கு 20, நேரத்துக்கு 15. இந்தப் பங்கீட்டை முதல் ஆள் வருவதற்கு முன் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுகிறோம். காரணம் நான்தான். ஒருமுறை எனக்குப் பிடித்துப்போன ஒருவர் நேரத்தில் கோட்டை விட்டதும், ‘நேரத்துக்கு இவ்வளவு வேண்டாமே’ என்று கணக்கை மாற்றியிருக்கிறேன். மாற்றும்போது அது நியாயமாகத்தான் தோன்றியது.

ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. வெறும் எண் இல்லை, எண்ணுக்கு எதிரே வாக்கியம் இருக்கும். ஒன்றுபோல இருப்பதற்கு ஐந்து என்றால், எது முதல் தட்டு எது இரண்டாவது என்று சாஸை வைத்துச் சொல்ல முடியவில்லை. மூன்று என்றால், வித்தியாசம் தெரிகிறது, ஆனால் இரண்டையும் தயங்காமல் வெளியே அனுப்பலாம். ஒன்று என்றால், இரண்டில் ஒன்றை அனுப்பவே முடியாது. இரண்டும் நான்கும் இவற்றின் நடுவே. நேரத்துக்கு இன்னும் எளிது: தட்டு ஒவ்வொன்றுக்கும், இரண்டு நிமிடத் தாமதம்வரை ஐந்து, ஐந்து நிமிடம்வரை மூன்று, அதற்கு மேல் ஒன்று. சீக்கிரம் வைத்தால் கூடுதல் எதுவும் இல்லை.

ருசி பார்ப்பவர் சமையலறைக்குள் வருவதில்லை. பக்கத்து அறையில் இருப்பார், தட்டு எண்ணோடு போகும், பெயரோடு போகாது. சமைப்பவரின் நடை, பேச்சு, பழைய வேலை இடத்தின் பெயர் எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. 1920-இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் எழுதியது இதைத்தான்: ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழிருப்பவர்களை மதிப்பிட்டபோது, ஒரு குணத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் சம்பந்தமில்லாத மற்றவற்றிலும் வாங்கியிருந்தார். சமையலறையில் அது இன்னும் மோசம். வெங்காயத்தை டகடகவென்று நறுக்குபவரின் சாஸ்கூட நமக்கு ருசியாகத் தெரியும்.

இரண்டு தட்டுக்கும் இடையே அரை மணி நேரம் இருக்கிறது. முதல் தட்டின் ருசியை நாக்கு அவ்வளவு நேரம் நினைவு வைத்திருக்காது. அதனால் ஒவ்வொரு தட்டும் சூடாக வரும்போது ருசிக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, சாஸில் இரண்டு கரண்டி எடுத்து மூடி வைக்கிறோம். கடைசியில் இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசிப்பார். சூடு மாறினால் உப்பும் வேறு மாதிரித் தெரியும். ஆறிய சாஸையும் கொதிக்கிற சாஸையும் ஒப்பிட்டு யாரையும் குறை சொல்லக் கூடாது. தோலின் நிறத்துக்கு ஒரே விளக்கின் கீழ், ஒரே உயரத்திலிருந்து எடுத்த இரண்டு புகைப்படங்கள்.

வேலை முறையைப் பார்ப்பவர்கள் இரண்டு பேர், நானும் மூத்த சமையல்காரரும். சமைக்கும்போது எண் போடுவதில்லை, நடந்ததை மட்டும், நடந்த நிமிடத்தோடு எழுதுகிறோம். ‘ஒழுங்கில்லை’ என்று எழுதக் கூடாது. ‘31: கோழி தொட்ட துணியால் மேசையைத் துடைத்தார்’ என்று எழுத வேண்டும். எண்ணைத் தனித்தனியாகப் போட்ட பிறகுதான் பேசிக்கொள்வோம். முன்பு பேசினால் குரல் பெரியவர் சொல்வதுதான் எண்.

இரண்டு பேர்

போன முறை கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள்.

முதலாமவர் முதல் தட்டை 43-ஆவது நிமிடமே வைத்துவிட்டார். ருசிக்கு ஐந்து. பக்கத்து அறையிலிருந்து காலித் தட்டுதான் திரும்பி வந்தது. இரண்டாவது தட்டுக்குக் குரல் கொடுத்தபோது, முதல் தட்டின் வாணலியைக் கழுவி அடுப்பில் வைத்திருந்தார், அடியில் தீ முழுவதாக எரிந்துகொண்டிருந்தது. தொடையை வைத்ததும் தோல் ஓரம் கருத்தது. அந்தப் பதற்றத்திலேயே, ஸ்டாக்கை ஊற்றிய பிறகுதான் அலர்ஜிக்காகக் கையைக் கழுவப் போனார்; திரும்பி வந்தபோது ஸ்டாக் பாதிக்கும் கீழே வற்றியிருந்தது. உப்பை முன்பே போட்டிருந்தார். தட்டு வந்தது 82-இல், ஏழு நிமிடத் தாமதம். ருசிக்கு மூன்று.

இரண்டாமவர் நிதானம். கோழியைப் பிரிக்கவே மற்றவரைவிட அதிக நேரம் எடுத்தார். முதல் தட்டு 48-இல், மூன்று நிமிடத் தாமதம். ருசிக்கு நான்கு, கொஞ்சம் எலுமிச்சை தூக்கல் என்று குறிப்பு. அது முடிந்ததும் இரண்டாவது வாணலியை எடுத்து வைத்தார், அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வெங்காயம், வெண்ணெய் இரண்டையும் அளந்து தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். அலர்ஜி என்றதும் பாதாம் டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். தட்டு 74-இல். ருசிக்கு மறுபடியும் நான்கு, மறுபடியும் எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்!

கணக்கைப் பாருங்கள். ருசியில் இருவருக்கும் சராசரி நான்கு, ஆளுக்கு 24. ஒன்றுபோல இருப்பதில் முதலாமவருக்கு இரண்டு, அதாவது 8. இரண்டாமவருக்கு நான்கு, 16. நேரத்தில் முதலாமவருக்கு ஐந்தும் ஒன்றும் சேர்ந்து சராசரி மூன்று, 9. இரண்டாமவருக்கு மூன்றும் ஐந்தும் சேர்ந்து நான்கு, 12. வேலை முறையில் முதலாமவருக்கு நாங்கள் இருவருமே மூன்று போட்டிருந்தோம், 21. இரண்டாமவருக்குத்தான் தகராறு. நான் ஐந்து, மூத்தவர் மூன்று. இரண்டு எண் வித்தியாசம் வந்தால் எழுதியதை வைத்துப் பேசித்தான் ஆக வேண்டும் என்பது எங்கள் விதி.

“கை ரொம்ப ஸ்லோ சார்” என்றார் அவர். “அதுக்கு நேரத்துல ஏற்கெனவே குறைச்சாச்சே அண்ணே, ஒரே தப்புக்கு ரெண்டு தடவை குறைக்கலாமா?” என்றேன். யோசித்து நான்காக்கினார். அப்புறம் என் தாளைப் பார்த்து, “மீதிக் கோழிக்கு அவர் தேதி எழுதலையே, நீங்க எப்படி அஞ்சு போட்டீங்க?” என்றார். நானும் நான்காக்கினேன். 28.

கூட்டினால் முதலாமவர் 62, இரண்டாமவர் 80. பழைய முறையில் முதல் தட்டை மட்டும் சாப்பிட்டிருந்தால் ஐந்துக்கு நான்கு என்று முதலாமவரைத்தான் எடுத்திருப்பேன். எலுமிச்சை தூக்கலாக இருப்பதை ஒரே வாக்கியத்தில் சரி செய்துவிடலாம், ஏனென்றால் அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தூக்கல்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. இரண்டு தட்டு என்பது ஐம்பது தட்டு இல்லை. மூன்றாவது மாதம் ஒருவர் எப்படி இருப்பார், பக்கத்து அடுப்புக்காரரோடு எப்படிப் பழகுவார் என்பது 85 நிமிடத்தில் தெரியாது. இரண்டு பேருக்கு நடுவே மூன்று நான்கு மதிப்பெண்தான் வித்தியாசம் என்றால் அதை வைத்து முடிவு செய்வதில்லை. எங்கள் நாக்கின் தடுமாற்றமே அவ்வளவு இருக்கும். அப்படி வந்தால் இருவரையும் இன்னொரு நாள் கூப்பிட்டு, வேறு கோழியோடு திரும்ப வைக்கிறோம்.

கிடைக்காதவர்களுக்கும் தாளைக் காட்டுகிறோம். முதலாமவர் தன் தாளை வாங்கி, நிமிடக் குறிப்புகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ‘72: ஸ்டாக் ஊற்றியதும் உப்பு’ என்ற வரியில் விரல் நின்றது.

“ஃபர்ஸ்ட் பிளேட்லயும் முதல்லயே தான் சார் போட்டேன்” என்றார்.

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். 37-ஆவது நிமிடத்திலும் அதே குறிப்பு இருந்தது. முதல் தட்டில் ஸ்டாக் சரியாகப் பாதியில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.